மூலம் என்று நினைத்தது சீழ்க்கட்டியாக இருந்தால்

ஆசனவாய்ப் பக்கம் வலியோ வீக்கமோ ரத்தமோ எது வந்தாலும் நம் ஊரில் அதற்கு முதலில் வைக்கும் பெயர் மூலம். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களும் 'மூலம், பவுத்திரம்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. வீட்டில் சொல்லக் கூச்சம், மருத்துவரிடம் காட்ட அதைவிடக் கூச்சம். அதனால் மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்தி "மூலத்துக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். உண்மையிலேயே மூலமாக இருந்தால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. சீழ்க்கட்டியாக இருந்தால் கதை வேறு. ஆயின்மென்ட் போட்டுக்கொண்டு காத்திருக்கும் அந்த நான்கைந்து நாளில் சீழ் உள்ளே இடம் பிடித்துப் பரவிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பரிசோதனைக் கருவி எதுவும் வேண்டாம். வலி எப்போது வருகிறது, எப்போது போகிறது, நாளுக்கு நாள் என்ன ஆகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அது ஏன் என்று புரிய, அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆசனவாய்க் குழாயின் நீளம் சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். அதன் நடுவாக்கில், வெளி ஓரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, வட்டமாக ஒரு எல்லைக்கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது கிட்டத்தட்ட நம் வெளித்தோல் மாதிரி; ஊசி குத்தினால் சுள்ளென்று வலிக்கும். கோட்டுக்கு மேலே இருப்பது குடலின் உள்சவ்வு. அங்கே அந்த மாதிரி வலி உணர்வு கிடையாது.

மூலம் என்பது ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதைப்பகுதி வீங்கித் தொங்குவது. அந்தச் சதை பிறவியிலேயே எல்லோருக்கும் உண்டு. முக்கி முக்கி மலம் கழிப்பது, கர்ப்ப காலம், வயது போன்ற காரணங்களால் அது பெரிதாகும்போது நோய் ஆகிறது. பெரும்பாலான மூலம் எல்லைக்கோட்டுக்கு மேலே, உட்புறத்தில் தொடங்குவதால் அதற்கு வலி இல்லை. மலம் கழிக்கும்போது பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும், ஏதோ ஒரு சதை வெளியே வந்து பிறகு உள்ளே போகும், கொஞ்சம் அரிக்கும். அவ்வளவுதான். "எனக்கு மூலம், வலி தாங்க முடியலை" என்று வருபவர்களில் நிறையப் பேருக்கு அந்த வலி மூலத்தால் வருவதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சீழ்க்கட்டி தொடங்கும் இடமும் அதே எல்லைக்கோடுதான். ஆனால் ரத்தக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் வாய் குழாய்க்குள் திறக்கிறது, அடிப்பகுதி மலத்தை அடக்கிவைக்கும் சுருக்குத் தசைகளுக்கு நடுவே புதைந்திருக்கிறது. மலத் துணுக்கு அடைத்தோ வேறு காரணத்தாலோ ஒரு சுரப்பியின் வாய் மூடிக்கொண்டால், உள்ளே கிருமி பெருகிச் சீழ் கட்டுகிறது. பத்தில் ஒன்பது கட்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. சீழுக்கு உள்பக்கம் வழி இல்லாததால் தசைகளின் இடுக்கில் புகுந்து வெளித்தோலை நோக்கி வருகிறது, அல்லது பக்கவாட்டில் புட்டத்துக்குள் இருக்கும் கொழுப்பில் போய்த் தேங்குகிறது. வழியெல்லாம் வலி உணர்வு மிகுந்த பகுதி. அதனால்தான் அப்படி வலிக்கிறது.

ஒருவருக்கு என்ன நடக்கும் என்று பார்ப்போம். நாமக்கல் பக்கத்தில் லாரி ஓட்டும் நாற்பது வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சில வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை போடுவார், விட்டுவிடுவார். திங்கட்கிழமை வண்டியில் உட்காரும்போது ஆசனவாய்க்கு இடது பக்கம் லேசாக உறுத்துகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டினோம், உடம்பு சூடு என்று நினைத்து இளநீர் குடிக்கிறார். செவ்வாய்க்கிழமை உறுத்தல் வலியாகிறது. மலம் கழிக்கும்போது மட்டும் வரும் வலியாக இல்லை. காலையிலும் இருக்கிறது, சாயங்காலமும் இருக்கிறது. மூல ஆயின்மென்ட் வாங்கிப் போடுகிறார். அதில் மரத்துப்போகச் செய்யும் மருந்து இருப்பதால் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கிறது. புதன்கிழமை வலி விண் விண் என்று தெறிக்க ஆரம்பிக்கிறது. ஒரு பக்கப் புட்டத்தைத் தூக்கிக்கொண்டுதான் உட்கார முடிகிறது. இருமினாலும் தும்மினாலும் உயிர் போகிறது. இரவில் தூக்கம் இல்லை. வியாழக்கிழமை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 101 டிகிரி.

இதில் காய்ச்சல் வரும் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. புதன்கிழமையே விடை தெரிந்துவிட்டது. மலம் கழிப்பதோடு சம்பந்தமில்லாமல், இடைவெளி விடாமல், நேற்றைவிட இன்று அதிகமாகத் துடிக்கும் வலி மூலத்தின் வலி அல்ல. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

சரி, மூலத்தில் வலியே வராதா என்று கேட்கலாம். வரும், ஆனால் அதன் போக்கு வேறு. எல்லைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் வெளிமூலத்தில் திடீரென்று ரத்தம் உறைந்துவிடுவது உண்டு. கனமான ஒன்றைத் தூக்கிய பிறகோ, முக்கிய பிறகோ, சில மணி நேரத்துக்குள் ஆசனவாயின் ஓரத்திலேயே கருநீலமாக ஒரு உருண்டை தெரியும். முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமையாக இருந்து, பிறகு தானாகக் குறையத் தொடங்கும். காய்ச்சல் இருக்காது. சீழ்க்கட்டியின் வலி இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும்: மெல்லத் தொடங்கும், மூன்றாம் நாள் அதிகமாகும், நான்காம் நாள் இன்னும் அதிகமாகும். வெளியே தள்ளிய உள்மூலம் திரும்ப உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டு வீங்கினாலும் நன்றாக வலிக்கும். அதற்கும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதால் அங்கே குழப்பம் வந்தாலும் நஷ்டமில்லை.

இன்னொரு வலியும் மூலத்தின் பெயரில் வலம் வருகிறது. அது ஆசனவாய் வெடிப்பு. இறுகிய மலம் போகும்போது தோல் கிழிந்து ஏற்படும் புண். மலம் கழிக்கும் நேரத்தில் அறுக்கிற மாதிரி வலித்து, பிறகு ஒரு மணி நேரமோ சில மணி நேரமோ எரிந்து, அப்புறம் அடங்கிவிடும். மறுநாள் கழிப்பறை போகும் வரை மனிதர் சாதாரணமாக இருப்பார். வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இந்த அடங்கும் நேரம்தான் வெடிப்பின் அடையாளம். சீழ்க்கட்டியில் அந்த ஓய்வு கிடையாது.

வீக்கத்துக்கு வருவோம். மூலத்தின் வீக்கம் ஆசனவாய்க்குள்ளிருந்து வெளியே வரும் சதை. மென்மையாக, ஈரமாக இருக்கும். பல சமயம் விரலால் உள்ளே தள்ளிவிடலாம். சீழ்க்கட்டியின் வீக்கம் பெரும்பாலும் ஆசனவாயின் ஓரத்தில் அல்லது ஒரு பக்கப் புட்டத்தில், தோலுக்கு அடியில் இருக்கும். உள்ளே தள்ள முடியாது. மேல்தோல் சிவந்து, கறுத்த நிறத்தவர்களுக்குச் சற்று அடர்ந்து பளபளப்பாகத் தெரியும். புறங்கையை வைத்துப் பார்த்தால் மறுபக்கத்தைவிடச் சூடாக இருக்கும். தொட்டாலே துள்ள வைக்கும்.

தொட்டுப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கட்டி என்றால் பழுத்துத் தளதளவென்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த இடத்தில் ஆரம்பத்தில் அது கல் மாதிரி கெட்டியாகத்தான் இருக்கும். உள்ளே சீழ் இருந்தாலும் அப்படித்தான். 'இன்னும் பழுக்கவில்லை' என்று சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டு நாலு நாள் தள்ளுவது, சீழ் ஆழத்துக்குப் போக அவகாசம் கொடுப்பதாகும். முகத்தில் வரும் பரு உடைந்தால் வெளியே வந்துவிடும். இங்கே சுற்றிலும் கொழுப்பு இருப்பதால் சீழ் இடது பக்கம் தொடங்கி ஆசனவாயின் பின்புறமாகச் சுற்றி வலது பக்கத்துக்கும் போய்விடக்கூடும்.

அதைவிட மோசமாக ஏமாற்றுவது, வெளியே வீக்கமே தெரியாத ஆழமான கட்டி. கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் ஆசனவாய்க்குள் அழுத்தும் வலி, மலம் வருகிற மாதிரி உணர்வு, காய்ச்சல், சிலருக்குச் சிறுநீர் போகக் கஷ்டம், இவையெல்லாம் இருக்கும். மருத்துவர் விரலை உள்ளே விட்டுப் பார்க்கும்போது ஒரு இடத்தில் தாங்க முடியாத வலி இருக்கும், அங்கே மேடு தட்டுப்படும். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் எடுப்பார்கள். வீக்கம் இல்லை என்பதற்காகக் கட்டி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

காய்ச்சலைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வலியோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் மூலம் என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம்; மூலம் மட்டும் காய்ச்சலை உண்டாக்குவதில்லை. ஆனால் தலைகீழாக யோசிக்கக் கூடாது. தோலுக்கு அருகில் இருக்கும் சின்னக் கட்டி பலருக்குக் காய்ச்சலே தராது. உடம்பு வலிக்கு என்று பாரசிட்டமால் போட்டுக்கொண்டிருப்பவருக்கு இருக்கும் காய்ச்சலும் தெரியாது. சர்க்கரை நோயாளிகளுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும் உடம்பு சரியாக எதிர்வினை காட்டாமல் போவதுண்டு. இவர்களில் சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சலுக்குப் பதிலாகச் சர்க்கரை அளவு காரணமே இல்லாமல் எகிறுவது முதல் அறிகுறியாக இருக்கலாம். நம் லாரிக்காரருக்கு வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தால் 340 இருக்கிறது. உணவில் எதுவும் மாறவில்லை. உள்ளே இருக்கும் சீழ்தான் ஏற்றியிருக்கிறது.

இரவோடு இரவாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலையும் உண்டு. தோலின் சிவப்பு மணிக்கணக்கில் பரவி விரைப்பைக்கோ பெண்ணுறுப்புப் பகுதிக்கோ வருவது, தோல் கறுப்பது, கொப்புளம் வருவது, அழுத்தினால் நறநறவென்று காற்று இருப்பது போலத் தெரிவது, அழுகல் நாற்றம், மனம் குழம்பிப் பேசுவது. சதையே அழுகும் இந்த நிலை அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அப்போது காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் 108-ஐ அழைத்து, அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

சீழ்க்கட்டிக்கு மருந்து கத்திதான். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. சீழ் தேங்கிய குழிக்குள் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை போகாது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் சுற்றியுள்ள சிவப்பு குறையலாம், காய்ச்சல் விடலாம், சீழ் அப்படியே இருக்கும். பத்து நாள் கழித்து மறுபடி வீங்கும். சர்க்கரை நோய் இருந்தாலோ, தோலில் தொற்று பரவியிருந்தாலோ ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், ஆனால் கீறிச் சீழ் எடுப்பதோடு சேர்த்துத்தான்.

நம்மவருக்கு வியாழன் இரவே முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, கட்டியைக் கீறுகிறார்கள். கீறலை ஆசனவாய்க்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்கிறார் மருத்துவர். பின்னால் அங்கே பவுத்திரம், அதாவது குழாய்க்குள்ளிருந்து தோல் வரை ஒரு சுரங்கம், ஏற்பட்டாலும் அதன் பாதை குட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காக. சீழ் முழுவதும் வடிகிறது. மரத்துப்போனது தெளிந்ததும் அவர் முதலில் சொல்வது "வலி போயிடுச்சு சார்" என்பதாகத்தான் இருக்கும். கீறிய வலி அந்தத் தெறிக்கும் வலிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டிருப்பதைப் பார்த்து வீட்டார் பதறுவார்கள். வேண்டுமென்றேதான் அப்படி விடுகிறார்கள். மேலே மூடிவிட்டால் உள்ளே மறுபடி சீழ் கட்டும். அடியிலிருந்து மேலாக ஆற வேண்டும். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறையும் மலம் கழித்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். கட்டியின் அளவைப் பொறுத்து ஆறச் சில வாரம் ஆகும். வெந்நீரில் உட்காருவது கீறிய பிறகு நல்ல சிகிச்சை. கீறுவதற்குப் பதிலாக அல்ல.

இங்கே கதை பலருக்கு முடிந்துவிடும். ஆனால் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப் பேர் வரை பவுத்திரம் என்ற அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். காரணம் முதலில் பார்த்த அந்தச் சுரப்பிதான். வெளியே சீழை எடுத்துவிட்டாலும், குழாய்க்குள் இருக்கும் அதன் வாய் மூடாமல் இருந்தால், உள்ளிருந்து வெளித்தோல் வரை ஒரு குறுகிய சுரங்கம் நிலைத்துவிடும். எலி வளை மாதிரி: வெளியே தெரிகிற பொந்தை எத்தனை முறை அடைத்தாலும், உள்ளே இன்னொரு வாய் இருக்கும் வரை எலி வந்துகொண்டேதான் இருக்கும்.

நம் லாரிக்காரர் இரண்டு மாதம் நன்றாக இருக்கிறார். பிறகு கீறிய தழும்பின் ஓரத்தில் பரு மாதிரி ஒரு சின்ன மேடு, நடுவில் ஊசி நுனி அளவு ஓட்டை. உள்ளாடையில் மஞ்சளாகக் கறை, சில நாள் லேசான ரத்தம். அரிப்பு. வலி பெரிதாக இல்லை. பிறகு அந்த ஓட்டை மூடிக்கொள்கிறது. சரியாகிவிட்டது என்று நினைக்கிறார். மூன்று வாரத்தில் அதே இடம் வீங்கி வலிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, தானாக உடைந்து சீழ் வந்ததும் சுகமாகிறது. மறுபடி கசிவு, மறுபடி மூடல், மறுபடி வீக்கம். ஒரே இடத்தில் இப்படி வீங்கி, உடைந்து, ஆறி, திரும்ப வீங்கும் சுழற்சிதான் பவுத்திரத்தின் அடையாளம். மூலத்தில் ரத்தம் வரும், சீழ் வராது. "சூட்டுக்கட்டி அடிக்கடி வருது" என்று சொல்பவரிடம், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முதல் கட்டியைக் கீறாமல் தானாக உடையவிட்டவர்களுக்கும் இதே கதைதான்.

பவுத்திரத்துக்குத் துத்தி இலையும் கருணைக்கிழங்கும் உதவாது. மலச்சிக்கலைக் குறைத்து மூலத்துக்குக் கொஞ்சம் ஆறுதல் தரலாம்; சுரங்கத்தை அவை மூடாது. மாத்திரையும் மூடாது. சுரங்கம் சுருக்குத் தசையின் எந்தப் பகுதி வழியாக, எவ்வளவு தசையை உள்ளடக்கிப் போகிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சை. எளிதில் புலப்படாத பவுத்திரத்துக்கு எம்ஆர்ஐ எடுப்பது இந்தப் பாதையை வரைந்து பார்க்கத்தான். தோலுக்கு அருகில், மிகக் குறைந்த தசையோடு போகும் சுரங்கத்தை முழு நீளத்துக்கும் பிளந்து திறந்து விடுவார்கள். நன்றாக ஆறும், திரும்ப வருவது குறைவு. நிறையத் தசை வழியாகப் போகிற சுரங்கத்தில் அப்படிப் பிளந்தால் மலத்தையும் காற்றையும் அடக்கும் சக்தி போய்விடும். அதனால் உள்ளே ஒரு நூலைக் கோத்துச் சில வாரமோ மாதமோ விட்டுச் சீழ் வடியவைத்து, பிறகு தசையைக் காப்பாற்றும் வேறு அறுவை சிகிச்சை செய்வார்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் மருந்து பூசிய நூலைக் கட்டி வாராவாரம் மாற்றும் முறை உண்டு. தகுதி பெற்ற மருத்துவர் செய்யும்போது பலன் தரும் முறைதான், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே இதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டு ஆய்வு நடத்தியிருக்கிறது. பட்டமோ பதிவோ இல்லாத ஒருவர் "ஒரே ஊசியில் குணம்" என்று சொல்லி உள்ளே எரிமருந்து செலுத்துவது இதில் சேராது. அங்கே போய்த் தசை வெந்து, மலத்தை அடக்க முடியாமல் திரும்பினால் அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

பவுத்திரம் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் இருந்தால், சுரப்பியைத் தாண்டியும் காரணம் தேட வேண்டும். நம் நாட்டில் காசநோய் அதில் முக்கியமானது. இருமலே இல்லாமல் ஆசனவாயில் மட்டும்கூட அது வரலாம். அதனால் அறுவை சிகிச்சையில் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வார்கள். நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, எடை குறைவு, வயிற்றுவலி கூடவே இருந்தால் குரோன் எனப்படும் குடல் அழற்சி நோயையும் பார்ப்பார்கள்.

மருத்துவரிடம் போகும்போது "மூலம்" என்று பெயர் வைத்துச் சொல்லாமல், நடந்ததைச் சொல்வது நல்லது. வலி எந்த நாள் தொடங்கியது, மலம் கழிக்கும்போது மட்டுமா எப்போதுமா, நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா, இதே இடத்தில் முன்பு வந்ததுண்டா, சர்க்கரை எவ்வளவு, என்ன மாத்திரை போட்டீர்கள். அப்புறம், மருத்துவர் உங்களை இடது பக்கமாகப் படுக்கவைத்து அந்த இடத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் விரலால் சோதிக்க வேண்டும். வலி அதிகமாக இருந்தால் விரல் சோதனையை மயக்கம் கொடுத்த பிறகு செய்வார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், கூட ஒருவர் இருக்கட்டும் என்றும் கேட்கலாம். பார்க்காமலே மூல மாத்திரை எழுதித் தந்தால், "ஒரு தடவை பாத்துடுங்க டாக்டர்" என்று கேட்பதில் தவறே இல்லை. தெறிக்கும் வலியோடு இருப்பவருக்கு அந்த இரண்டு நிமிடப் பார்வைதான் நோய் எது என்று சொல்லும்.